ஆளுக்குப் பின்னால் எரியும் விளக்கை அழித்து, மிச்சச் சுவரின் வெளிச்சத்தைச் சரிசெய்வது எப்படி

முகம் அழகாக விழுந்திருக்கும், பார்வை சரியாக இருக்கும், ஆனால் காதுக்குப் பக்கத்தில் ஒரு மேசை விளக்கு வெள்ளை வெளேர் என்று எரிந்துகொண்டிருக்கும். கண் நேராக அங்கேதான் போகும். இப்படிப்பட்ட படத்தில் விளக்கை மட்டும் அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. அழித்த பிறகு பார்த்தால் சுவரில் ஒரு வெளிச்ச வட்டம் அப்படியே நிற்கும், நடுவில் ஏதோ பூசி மெழுகியதுபோல ஒரு திட்டு இருக்கும். விளக்கின் உருவம் படத்தில் கொஞ்ச இடத்தைத்தான் பிடிக்கிறது. அது சுவரில், தலைமுடியில், தோளில், லென்ஸுக்குள் கொட்டிய வெளிச்சம்தான் பெரிய வேலை. ஆகவே இந்த வழிகாட்டியில் அந்த வெளிச்சத்தைத்தான் முதலில் கையாளப் போகிறோம், விளக்கை அதற்கு அப்புறம்.

எடுத்துக்காட்டாக ஒரே படத்தை வைத்துக்கொள்வோம். ஒருவர் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வெறும் பூச்சுச் சுவர். அவருடைய வலது தோளுக்குப் பின்னால், பாதி மறைந்தபடி, கூம்பு வடிவ மூடியுள்ள ஒரு மேசை விளக்கு. முகத்துக்கு வேறொரு பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது, அது சரியாகவே இருக்கிறது. நான் சொல்லும் மெனு பெயர்கள் ஃபோட்டோஷாப்பில் உள்ளவை. லேயர், மாஸ்க், கர்வ்ஸ், குளோன் வசதிகள் உள்ள எந்த மென்பொருளிலும் இதே வேலையைச் செய்யலாம்.

தொடங்குமுன் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: அந்த இடத்தில் இன்னும் நிற்கிறீர்களா? நிற்கிறீர்கள் என்றால், கேமராவை ட்ரைபாடில் வைத்து, எக்ஸ்போஷரை மாற்றாமல், விளக்கை அணைத்து, அங்கிருந்து எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே கோப்பில் லேயர்களாகப் போட்டு Edit > Auto-Align Layers கொடுத்து, விளக்கும் அதன் வெளிச்சமும் இருக்கும் பகுதியில் மட்டும் இரண்டாவது படம் தெரியும்படி மாஸ்க் போட்டால், கீழே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி தேவையே இல்லை. எவ்வளவு தேர்ந்த கை என்றாலும் உண்மையான சுவரைவிட நல்ல சுவரைப் பூச முடியாது.

இரண்டாவது கேள்வி: விளக்கின் நடுப்பகுதியில் ஏதாவது தகவல் மிச்சமிருக்கிறதா? ரா கோப்பு இருந்தால் கேமரா ராவில் திறந்து, Alt விசையை அழுத்திக்கொண்டே Whites ஸ்லைடரைப் பிடியுங்கள். திரை கறுப்பாகி, வெளுத்துப்போன இடங்கள் மட்டும் தெரியும். நிறமாகத் தெரிந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில் ஓரிரண்டுதான் போயிருக்கின்றன, Highlights-ஐக் கீழே இழுத்தால் கொஞ்சம் திரும்பி வரும். வெள்ளையாகத் தெரிந்தால் மூன்று சேனல்களும் போய்விட்டன, அங்கே மீட்க எதுவும் இல்லை. பொதுவாக பல்பும் மூடியின் வாயும் வெள்ளையாகவும், அதைச் சுற்றியுள்ள சுவர் கொஞ்சம் நிறத்தோடும் தெரியும். அந்தச் சுற்றுவட்டம்தான் நமக்கு வேண்டும். அதை மீட்க Highlights எவ்வளவு கீழே போக வேண்டுமோ அவ்வளவு போகலாம். பல்பைப் பற்றிக் கவலை வேண்டாம், அது எப்படியும் மறையப்போகிறது.

எக்ஸ்போஷரும் வெண்சமநிலையும் முகத்துக்கு ஏற்றபடி இருக்கட்டும். பின்னணிக்காக முகத்தை இருட்டாக்காதீர்கள். பிறகு 16 பிட்டில் திறக்கவும். ஜேபெக் மட்டுமே கையில் இருந்தாலும் Image > Mode > 16 Bits/Channel என்று மாற்றிக்கொள்வது நல்லது. தொலைந்த தகவல் இதனால் திரும்பி வராது. ஆனால் நாம் இனிமேல் போடப்போகும் மென்மையான வெளிச்ச மாற்றங்கள் படிப்படியாக உடைந்து கோடுகளாகத் தெரியும் ஆபத்து குறையும்.

ஆளைப் பிரித்து வைப்பது

ஆளைச் சுற்றி ஒரு செலக்‌ஷன் போடுங்கள். தோள், சட்டை ஓரங்களுக்கு Quick Selection போதும். முடிக்கு Select and Mask-க்குள் போய் Refine Edge பிரஷ்ஷால் ஓரத்தைத் தடவுங்கள். விளக்குக்கு நேராக இருக்கும் முடி ஓரத்தில் இந்தச் செலக்‌ஷன் கட்டாயம் சொதப்பும். வெளிச்சம் அங்கே முடிக் கற்றைகளைத் தின்றிருப்பதால் எது முடி, எது சுவர் என்று மென்பொருளுக்குப் பிடிபடாது. இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள், தனியாக அந்த இடத்துக்கு வருவோம்.

செலக்‌ஷனை Select > Save Selection கொடுத்துச் சேமித்து, பிறகு தலைகீழாக்கி, ஒரு புதிய குரூப்புக்கு மாஸ்க்காகப் போடுங்கள். பின்னணியில் செய்யும் எல்லாமே இந்தக் குரூப்புக்குள் நடக்கட்டும். ஒவ்வொரு லேயருக்கும் ஆளின் ஓரத்தைத் தனித்தனியாக மாஸ்க் போட்டால், ஒவ்வொன்றிலும் ஓரம் கொஞ்சம் விலகி, கடைசியில் ஆளைச் சுற்றி ஒரு வரி தெரியும். குரூப்புக்கு ஒரே மாஸ்க் என்றால், பின்னால் ஓரத்தைத் திருத்த வேண்டி வந்தாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

சுவரின் வெளிச்சத்தை அளந்து இறக்குவது

பலர் நேராக குளோன் ஸ்டாம்ப்பை எடுப்பது இந்த இடத்தில்தான். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விளக்குக்குப் பக்கத்துச் சுவர் பிரகாசமாகவும் தூரத்துச் சுவர் மங்கலாகவும் இருக்கும்போது, எங்கிருந்து எடுத்து ஒட்டினாலும் பொருந்தாது. ஒட்டிய ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத் தெரியும். முதலில் சுவரை ஓரளவு சமமாக்கிவிட்டால், தூரத்துச் சுவரிலிருந்து எடுத்தது பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

Color Sampler கருவியை எடுத்து, மேலே அளவை 31 by 31 Average என்று வையுங்கள். சுவரில் மூன்று புள்ளிகள்: ஒன்று விளக்குக்கு அருகில், வெளுத்துப்போகாத முதல் இடத்தில். ஒன்று விளக்கொளி பாதி குறைந்த இடத்தில். ஒன்று விளக்கின் தாக்கம் அனேகமாக இல்லாத மூலையில். நாலாவதாக முகத்தில், நெற்றியில் ஒன்று. நம் படத்தில் Info பேனலில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: அருகில் 236, 205, 160. நடுவில் 190, 160, 128. தூரத்தில் 128, 112, 98. நெற்றியில் சிவப்பு 196.

இந்த எண்கள் இரண்டு விஷயங்களைச் சொல்கின்றன. அருகில் உள்ள சுவர் தூரத்துச் சுவரைவிட ஏறக்குறைய இரண்டு ஸ்டாப், அதாவது கிட்டத்தட்ட நான்கு மடங்கு வெளிச்சம், கூடுதல். அதோடு, அருகில் நீலம் மட்டும் பின்தங்கி நிற்கிறது. அதாவது விளக்கின் மஞ்சள் அங்கே படிந்திருக்கிறது. மூன்று சேனல்களையும் ஒரே அளவு இறக்கினால் வெளிச்சம் குறையும், மஞ்சள் அப்படியே நிற்கும், சுவரில் கறை மாதிரி ஒன்று தெரியும்.

இனி இலக்கு. அருகில் உள்ள 236-ஐத் தூரத்தின் 128-க்கே இறக்கிச் சுவரை முழுக்கச் சமமாக்கலாம். நான் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் சொல்ல மாட்டேன். அவருடைய முடியிலும் தோள் ஓரத்திலும் விளக்கு விட்டுச்சென்ற ஒளிக்கோடு இருக்கிறது. சுவர் முழுக்கத் தட்டையாகிவிட்டால் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பதற்குப் படத்தில் காரணமே இருக்காது. தோளுக்குப் பின்னால் அரை ஸ்டாப் அளவு வெளிச்சம் மிச்சமிருந்தால், பின்னால் எங்கோ ஒரு ஒளி இருக்கிறது என்று கண் ஏற்றுக்கொள்ளும். அதனால் இலக்கு 151, 131, 112. முகத்துக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கீழே சுவர் நிற்கும், முகம் முன்னால் வரும்.

குரூப்புக்குள் ஒரு கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போடுங்கள். நடுவில் புள்ளி வைத்து வளைக்காதீர்கள். வலது மேல்முனையை மட்டும் நேராகக் கீழே இறக்குங்கள். கோடு நேர்கோடாகவே இருக்க வேண்டும். இப்படிச் செய்வது படம் எடுக்கும்போதே எக்ஸ்போஷரைக் குறைத்ததற்குக் கிட்டத்தட்டச் சமம், ஏனென்றால் எல்லா அளவுகளும் ஒரே விகிதத்தில் குறைகின்றன, சுவரின் சொரசொரப்பும் அதே விகிதத்தில் நிற்கிறது. வளைத்தால் சொரசொரப்பு ஓரிடத்தில் தூக்கலாகவும் இன்னோரிடத்தில் மழுங்கியும் போகும். 236-ஐ 151 ஆக்க விகிதம் 0.64. அதை 255-ஆல் பெருக்கினால் 163. ஆகவே Red சேனலில் மேல்முனையின் Output 163. Green-க்கும் 205-லிருந்து 131, அதே 0.64, அதே 163. Blue-வில் 160-லிருந்து 112 என்பது 0.70, ஆகவே 179. மூன்று சேனல்களிலும் தனித்தனியாக இந்த எண்களைக் கொடுங்கள். RGB கூட்டு வரியைத் தொட வேண்டாம்.

இப்போது சுவர் முழுவதும் இருண்டிருக்கும். மாஸ்க்கில் Gradient கருவியை Radial ஆக்கி, வெள்ளையிலிருந்து கறுப்பு என்று வைத்து, பல்பின் நடுவிலிருந்து தூரத்துப் புள்ளி வரை இழுங்கள். அருகில் உள்ள எண்களும் தூரத்து எண்களும் ஏறக்குறைய சரியாக வரும். நடுப்புள்ளி பெரும்பாலும் வராது. விளக்கொளி சுவரில் சீராகக் குறைவதில்லை, பக்கத்தில் சட்டென்று விழுந்து, தூரம் போகப்போக மெதுவாகத் தேய்கிறது. கிரேடியன்ட் அப்படிக் குறைவதில்லை. நம் படத்தில் நடுப்புள்ளி 190-லிருந்து 140-க்கு வர வேண்டும், அதற்கு மாஸ்க் அங்கே 73 சதவீதம் வெளுப்பாக இருக்க வேண்டும். மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Ctrl+M அழுத்தினால் மாஸ்க்குக்கே கர்வ்ஸ் திறக்கும். அங்கே நடுவை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே Info பேனலில் அந்தப் புள்ளியைப் பாருங்கள், 140 வந்ததும் நிறுத்துங்கள். மாஸ்க்கைக் கண்ணால் பார்த்துப் பிரஷ்ஷால் தடவுவதைவிட இது எவ்வளவோ சுத்தமாக வரும்.

இந்தக் கட்டத்தில் விளக்கின் நடுப்பகுதியைப் பாருங்கள். அது இப்போது லேசான நீலம் ஓடிய ஒரு சாம்பல் தட்டாக மாறியிருக்கும், எண்கள் 163, 163, 179-ஐ ஒட்டியே காட்டும். வெளுத்துப்போன இடம் எது, எங்கே அதன் எல்லை என்பதை இதைவிடத் தெளிவாகப் பார்க்க முடியாது. பூசவேண்டிய பரப்பு அதுதான்.

மூடியின் நிழலும் லென்ஸின் மூட்டமும்

கூம்பு மூடியுள்ள விளக்கு சுவரில் வட்டமாக மட்டும் ஒளி விடாது. மூடியின் மேல்வாயிலிருந்து ஒரு விசிறியும் கீழ்வாயிலிருந்து ஒரு விசிறியும் சுவரில் விழும், அவற்றின் ஓரம் வளைகோடாக ஓரளவு கூர்மையாகவும் இருக்கும். வட்ட கிரேடியன்ட் அதைத் தொடாது. பென் கருவியால் அந்த வளைவைப் பின்பற்றி, செலக்‌ஷனாக்கி, இன்னொரு கர்வ்ஸ் லேயரை அதன் மேல் போட்டு, அதே நேர்கோட்டு முறையில் இறக்குங்கள். ஃபெதர் எவ்வளவு என்பது கோட்டின் கூர்மையைப் பொறுத்தது, மூடியிலிருந்து விலகிப் போகப்போக ஓரம் மங்கும். ஆகவே மாஸ்க்கின் தொலைவுப் பகுதியை மட்டும் தனியாக இன்னும் கொஞ்சம் மங்கலாக்குங்கள். விசிறி முழுக்க மறையாவிட்டால் பரவாயில்லை. ஓரம் மறைந்தால் போதும், ஏனென்றால் விளக்கு இருந்தது என்று காட்டிக்கொடுப்பது அந்த ஓரம்தான்.

அடுத்தது மூட்டம். விளக்கு நேராக லென்ஸைப் பார்க்கும்போது, அதைச் சுற்றியுள்ள கறுப்புகள் சாம்பலாகிவிடும். சுவரில் மாட்டிய ஒரு கறுப்புச் சட்டகம் இருந்தால் எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: தூர முனையில் 16 காட்டும் கறுப்பு, விளக்குப் பக்க முனையில் 38 காட்டும். வெளிச்சத்தை இறக்கிய பிறகும் அந்தப் பகுதி மட்டும் பனி படர்ந்ததுபோல இருந்தால் காரணம் இதுவே. அதே முதல் கர்வ்ஸ் லேயரில், மூன்று சேனல்களிலும் இடது கீழ்முனையை அடியோடு வலப்பக்கம் நகர்த்தி Input 20 வரை கொண்டுபோங்கள். மேலே உள்ள எண்கள் அதிகம் மாறாது, சிவப்பில் 151 என்பது 150 ஆகும், பச்சையில் 131 என்பது 128 ஆகும், நீலத்தில் 112 என்பது 107 ஆகும், அவ்வளவுதான். நடுப்புள்ளி கொஞ்சம் இறங்கியிருக்கும், மாஸ்க்கை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். கறுப்புகள் மட்டும் தங்கள் இடத்துக்குத் திரும்பும்.

மூட்டம் ஆளின் மேலும் படர்ந்திருக்கும். விளக்குப் பக்கத் தோளும் கன்னத்தின் ஓரமும் வெளிறியிருந்தால், குரூப்புக்கு வெளியே, மேலே, இன்னொரு கர்வ்ஸ் போட்டு இதே கீழ்முனையை மட்டும் நகர்த்தி, மிக மென்மையான பிரஷ்ஷால் அந்தப் பக்கத்தில் மட்டும் திறந்துவிடுங்கள். பின்னணியைச் சரிசெய்துவிட்டு ஆளை மறந்தால், ஆள் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல ஆகிவிடுவார்.

இப்போது விளக்கை அழிப்பது

குரூப்புக்குள், கர்வ்ஸ் லேயர்களுக்கு மேலே, ஒரு வெற்று லேயர் போடுங்கள். மேலே என்பது முக்கியம். கீழே போட்டால் நீங்கள் பூசிய நிறத்தையும் கர்வ்ஸ் இறக்கிவிடும், எடுத்த நிறம் ஒன்று, விழும் நிறம் ஒன்று என்று குழம்புவீர்கள்.

ஹீலிங் பிரஷ்ஷை இப்போது தொட வேண்டாம். அது தான் பூசும் இடத்தின் ஓரத்திலிருக்கும் நிறத்தை உள்ளே இழுத்துக் கலக்கும். விளக்கின் மிச்ச வெளிச்சம் ஓரத்தில் இருந்தால் அந்த வெளுப்பு அழுக்காக உள்ளே பரவும். முதலில் நிறம், பிறகு சொரசொரப்பு, கடைசியில்தான் ஹீலிங்.

நிறத்துக்கு: விளக்கைச் சுற்றி லாஸோவால் ஒரு கோடு போடுங்கள், விளக்கின் ஓரத்திலிருந்து தாராளமாக விலகி, தெளிவான சுவர் தொடங்கும் இடம் வரை. ஸ்டாண்டு, வயர் எல்லாம் சேரட்டும். ஐட்ராப்பரை 31 by 31 Average வைத்து, கோட்டுக்கு வெளியே ஒரு பக்கத்தில் நிறம் எடுத்து, Hardness 0, Flow 10 சதவீதத்தில் பெரிய பிரஷ்ஷால் உள்நோக்கிப் பூசுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில் நிறம் எடுத்து அங்கிருந்து உள்ளே பூசுங்கள். மேலும் கீழும் அப்படியே. நடுவில் எல்லாம் சந்திக்கும் இடத்தில் நிறம் தானாகக் கலந்துவிடும். ஆளின் முடிக்குள் கொஞ்சம் நுழைந்து பூசினாலும் கவலையில்லை, குரூப் மாஸ்க் காப்பாற்றும். கடைசியாக நடுப்பகுதி, ஓரத்தைவிட ஒரு துளி பிரகாசமாக, 151-க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நாம் மிச்சம் வைத்த வெளிச்சத்தின் உச்சி அங்கேதான் இருக்க வேண்டும்.

இப்போது வழவழப்பான ஒரு திட்டு கிடைத்திருக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் சரியாகத் தெரியும், 100 சதவீதத்தில் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். சுவரின் சொரசொரப்பு வேண்டும். சுவரின் நல்ல பகுதி ஒன்றிலிருந்து, திட்டை மூடும் அளவு துண்டு எடுத்து, Ctrl+Shift+C கொடுத்து ஒட்டுங்கள். அதன் மேல் Filter > Other > High Pass. ரேடியஸை மெதுவாக ஏற்றி, பூச்சின் புள்ளிகள் தெரியத் தொடங்கும், ஆனால் வெளிச்ச ஏற்றத்தாழ்வு தெரியாத இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் 3 முதல் 6 பிக்சல். இந்த லேயரின் கலப்பு முறையை Linear Light ஆக்கி, Opacity-ஐ 50 சதவீதத்திலிருந்து தொடங்கி, சுற்றியுள்ள சுவரோடு ஒத்துப்போகும்வரை சரிசெய்யுங்கள். நடுச் சாம்பல் மறைந்துவிடும், சொரசொரப்பு மட்டும் நீங்கள் பூசிய நிறத்தின் மேல் உட்காரும். சுவரின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அதன் தோலை மட்டும் கொண்டுவருவதால், இந்த முறை குளோனைவிட எனக்குப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பின்னணி ஃபோகஸில் இல்லையென்றால் இந்தப் படி அவசியமில்லை. மங்கலான சுவரில் சொரசொரப்பைக் கொண்டுவந்து போட்டால் அந்த இடம் மட்டும் கூர்மையாகி நம்மைக் காட்டிக்கொடுக்கும். அங்கே சென்சாரின் நாய்ஸ் மட்டும் போதும்: 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய Overlay லேயர், அதில் Add Noise, Gaussian, Monochromatic, 2 முதல் 4 சதவீதம், பிறகு அரை பிக்சலுக்குக் குறைவாக Gaussian Blur. திட்டை விட்டு வெளியே கொஞ்சம் தூரத்துக்கும் இதை மங்கலாக நீட்டுங்கள். விளக்குப் பக்கத்துச் சுவர் அதிக வெளிச்சத்தில் பதிவானதால் அதில் நாய்ஸ் குறைவாக இருக்கும், இருட்டுக்கு இறக்கிய பிறகு அங்கே மட்டும் அளவுக்கு மீறிச் சுத்தமாகத் தெரியும்.

எல்லாம் உட்கார்ந்த பிறகு, மேலே இன்னொரு வெற்று லேயரில், Sample-ஐ Current & Below ஆக்கி, ஹீலிங் பிரஷ்ஷால் மிச்சமுள்ள சின்னச் சின்ன இணைப்புகளைத் தடவிவிடலாம்.

முடி ஓரம்

விட்டுவைத்த இடத்துக்கு வந்துவிட்டோம். விளக்கு முடியைத் தொட்டிருந்த இடத்தில் இப்போது ஒரு வெளிர் வரி தெரியும். பின்னால் வெள்ளை இருந்தபோது அது கண்ணில் படவில்லை, சுவர் இருண்டதும் வெட்டி ஒட்டிய காகிதத்தின் ஓரம்போல எழுந்து நிற்கிறது. குரூப் மாஸ்க்கை உள்ளே தள்ளிச் சரிசெய்யத் தோன்றும். அப்படிச் செய்தால் முடி மழுங்கித் தொப்பி வைத்ததுபோல ஆகும்.

கறுத்த முடிக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. குரூப்புக்கு மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, அதன் கலப்பு முறையை Darken ஆக்குங்கள். குளோன் ஸ்டாம்ப், Mode-இல் Normal, Sample-இல் All Layers. பக்கத்திலேயே இருக்கும் புதுச் சுவரில் Alt அழுத்தி எடுத்து, முடி ஓரத்தில் சின்ன மென்பிரஷ்ஷால் தடவுங்கள். Darken என்பதால் சுவரைவிட வெளுத்த பிக்சல்கள் மட்டுமே மாறும். சுவரைவிடக் கறுத்த முடி இழைகள் அப்படியே இருக்கும். வெளிர் வரி மறைந்து, இழைகள் சுவருக்கு முன்னால் நிற்பதை நேரடியாகப் பார்க்கலாம். நரைத்த முடிக்கோ வெளிர் நிற முடிக்கோ இது வேலைக்காகாது, முடியையே தின்றுவிடும். அங்கே இழை இழையாக மாஸ்க்கைக் கையால் வரைவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

வெளிச்சம் முழுக்கத் தின்றுவிட்ட இழைகளைத் திரும்ப வரைய வேண்டும். 1 அல்லது 2 பிக்சல் பிரஷ், பக்கத்து முடியிலிருந்து எடுத்த நிறம், தலையிலிருந்து வெளிநோக்கி ஒரே வீச்சு. நாலைந்து இழை போதும், நீளம் ஒன்றுபோல இருக்கக் கூடாது.

தோளிலும் முடியிலும் உள்ள ஒளிக்கோட்டை அழித்துவிடாதீர்கள். அது ஆளைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ஆனால் மூலம் மறைந்த பிறகு அதே பளபளப்பில் நின்றால் உறுத்தும். கர்வ்ஸ் போட்டு மாஸ்க்கில் அந்தக் கோட்டை மட்டும் திறந்து, பாதியளவுக்கு இறக்குங்கள். அதில் வெளுத்துப்போன துண்டுகள் இருந்தால், இறக்கும்போது அவை சாம்பலாகும். அவற்றின் மேல், பக்கத்துத் துணியின் நிறத்தை Color முறையில் லேசாகப் பூசுங்கள்.

அப்புறம், விளக்கு வேறெங்கெல்லாம் தெரிகிறது என்று தேடுங்கள். கண்ணாடிச் சட்டகம், மேசையின் மெருகு, நாற்காலிக் கால், விளக்கால் விழுந்த நிழல்கள். மேசையில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தால், செய்த வேலை அத்தனையும் அங்கே குட்டு உடைந்துவிடும்.

ஜன்னல் என்றால்

ஜன்னலுக்கும் முறை இதுதான், ஆனால் அழிப்பதற்கு முன் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிப்பேன். விளக்கு சுவரில் ஒரு வட்டத்தை விடுகிறது, ஜன்னல் அறை முழுவதையும் ஒளியால் நிரப்புகிறது. தரையில், கூரையில், மேசை விளிம்பில் அதன் ஒளி இருக்கும்போது ஜன்னலை மட்டும் சுவராக்கினால் அறைக்கே பொருள் போய்விடும். சிறிய ஜன்னல், அதுவும் பாதி மறைந்தது என்றால் அழிக்கலாம். பெரியது என்றால் அடக்குவதே மேல்.

அடக்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. முழுக்க வெளுத்த கண்ணாடியின் மேல் கர்வ்ஸை இறக்கினால் வெளிச்சம் குறைந்ததுபோலத் தெரியாது, ஜன்னலில் சாம்பல் அட்டை ஒட்டியதுபோலத் தெரியும். அதனால் வெறும் இறக்கம் போதாது. மேலிருந்து கீழே லேசாக இறங்கும் ஒரு கிரேடியன்ட், துளி நிறம், அதோடு மேலே சொன்ன நாய்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மெல்லிய திரை போட்ட ஜன்னலாகக் கண் ஏற்கும். சிவப்பு 225-க்குக் கீழே இறக்காதீர்கள். ஜன்னல்தான் இன்னும் அறையின் வெளிச்சத்துக்குக் காரணம். சட்டகத்தின் கம்பிகள் வெளிச்சத்தில் மெலிந்து போயிருக்கும், அவற்றை நல்ல ஒரு துண்டிலிருந்து எடுத்து நீட்டி, அவற்றின் அசல் தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும்.

சரிபார்ப்பது

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டை மேலும் கீழுமாக மூன்று நான்கு முறை அலைபோல வளைத்துவிடுங்கள். படம் விகாரமாகத் தெரியும், ஆனால் சுவரில் மறைந்திருக்கும் ஒவ்வொரு ஓரமும் திட்டும் வளையங்களாக வெளியே வரும். வளையங்கள் வழவழப்பாக ஒன்றையொன்று சுற்றி ஓடினால் வெளிச்சம் சரியாக இறங்குகிறது. ஓரிடத்தில் வளையம் உடைந்தாலோ திடீரென்று திரும்பினாலோ அங்கே இணைப்பு தெரிகிறது, அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் நிறத்தைக் கொஞ்சம் பூசுங்கள். பார்த்து முடித்ததும் இந்த லேயரை அணைத்துவிடுங்கள். இதோடு ஒரு கறுப்பு-வெள்ளை லேயரையும் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தில் பிழையா, நிறத்தில் பிழையா என்று குழப்பம் வந்தால், கறுப்பு-வெள்ளையில் மறைவது நிறப் பிழை, நிற்பது வெளிச்சப் பிழை.

பிறகு படத்தைத் திரையில் விரல்நீளத்துக்குச் சுருக்குங்கள். கண் முதலில் முகத்துக்குப் போனால் சமநிலை கிடைத்துவிட்டது. விளக்கு இருந்த இடத்துக்கே போனால், மிச்சம் வைத்த வெளிச்சம் கூடுதல், கர்வ்ஸ் மேல்முனைகளை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். விளக்கு போன பிறகு படம் முழுக்க மங்கியதாகத் தோன்றுவதும் இயல்பு. இதுவரை படத்தின் மிக வெளிச்சமான இடம் அந்த விளக்குதான், அது போனதும் உச்சி காலியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸில், இம்முறை நடுவைப் பிடித்து, நெற்றி 196-லிருந்து 205 வரை வரும்படி மெதுவாக ஏற்றுங்கள். மூக்கின் மேல் உள்ள மினுமினுப்பு 250-ஐ எட்டினால் அங்கே நிறுத்திவிட வேண்டும். சுவர் இதனால் கொஞ்சம் ஏறும், பரவாயில்லை, முகத்துக்கும் அதற்குமான இடைவெளி பெரிதாக மாறாது.

வெளியிடும் அளவுக்குச் சுருக்கி, sRGB-க்கு மாற்றி, 8 பிட் ஜேபெக்காகச் சேமித்த பிறகு அந்தக் கோப்பையே மறுபடி திறந்து சுவரைப் பாருங்கள். 16 பிட்டில் வழவழப்பாக இருந்த சுவரில் படிக்கட்டு வரிகள் வந்திருந்தால், சுருக்கியபோது நாய்ஸ் கரைந்துவிட்டது என்று பொருள். சுருக்கிய பிறகு, 8 பிட்டுக்கு மாற்றும் முன், 1 சதவீதம் நாய்ஸைப் பின்னணிக்கு மட்டும் இன்னொருமுறை சேர்த்து மறுபடி சேமியுங்கள்.